காந்தத்திலிருந்து மின்னோட்டம்: மின்பிறப்பாக்கி தோன்றிய வரலாறு

கோப்பனேகன் நகரத்துப் பேராசிரியரான ஏர்ஸ்ரெட் என்பார் 1820ஆம் ஆண்டிலே ஓர் உண்மையைக் கண்டறிந்தார். மின்னோட்டம் பாயும் கம்பியொன்றை ஒரு காந்த ஊசியின் அருகே பிடித்தபொழுது ஊசி தன் நிலையினின்றும் திரும்பியது. மின்னோட்டம் காந்த விளைவை உண்டாக்கும் என்பது இதனாற் புலனாயிற்று. இச்செய்தி ஐரோப்பாவெங்கும் பரவியதும், அறிஞர் பலருடைய உள்ளத்திலும் இதன் மறுதலையான வினா எழுந்தது. மின்னோட்டத்திலிருந்து காந்தம் பிறக்குமாயின், காந்தத்திலிருந்து மின்னோட்டம் பிறவாதோ? வினா எளிது, விடை காணப் பதினோராண்டுகள் சென்றன. அக்காலத்து அறிஞரிடம் கருவிகள் இல்லாமலில்லை. வலிய காந்தங்கள், நீண்ட கம்பிச் சுருள்கள், நுண்ணிய கல்வனோமானிகள் ஆகிய யாவும் அவர்களிடம் இருந்தன. எனினும் விடை அகப்படவில்லை. அதற்குக் காரணம் யாது என்பதை அறிவோர், மின்காந்தத் தூண்டலின் தத்துவத்தையும் அதனுடன் சேர்த்தே அறிந்தவராவர்.

மின்னோட்டம் பாயும் கம்பி, பாயுங் காலமெல்லாம் தன்னைச் சூழக் காந்தப்புலத்தை உடையதாயிருக்கிறது. ஓட்டம் நிலையாக நின்றால் புலமும் நிலையாக நிற்கும். ஆகவே வலிய காந்தமொன்றைச் சுருளொன்றினுள் வைத்துவிட்டால், காந்தம் அங்கிருக்குங் காலமெல்லாம் சுருளில் மின்னோட்டம் நிலையாகப் பாயவேண்டும் என்றே பலரும் எதிர்பார்த்தனர். இயற்கை அவ்வாறு நடந்துகொள்ளவில்லை. இங்கிலாந்தின் அரச நிறுவகத்தில் ஆய்வு நடத்திய மைக்கேல் பரடே 1825ஆம் ஆண்டிலே இரு கம்பிகளை அருகருகே வைத்து, ஒன்றில் மின்கலவடுக்கையும் மற்றொன்றிற் கல்வனோமானியையும் இணைத்துப் பார்த்தார். இரண்டாவது கம்பியில் யாதொரு விளைவையும் அவர் காணவில்லை.

அதே 1825ஆம் ஆண்டில் செனீவா நகரத்தில் நிகழ்ந்த ஒரு சோதனை இதனினும் கருத்தைக் கவர்வதாகும். கொலடன் என்னும் அறிஞர் நீண்டதொரு சுருளை நுண்ணிய கல்வனோமானி ஒன்றுடன் இணைத்தார். வலிய காந்தத்தை அச்சுருளுக்கு அருகே கொணரின் அது கல்வனோமானியின் ஊசியையும் நேரே இழுத்து ஏமாற்றிவிடும் என்று அஞ்சினார். அவ்வச்சம் நியாயமானதே. ஆகவே கல்வனோமானியைப் பிறிதோர் அறையில் வைத்து, நீண்ட கம்பிகளால் இணைத்தார். பின்பு காந்தத்தைச் சுருளிடம் கொண்டுசென்று வைத்துவிட்டு, மற்ற அறைக்கு நடந்துபோய் ஊசியைப் பார்த்தார். ஊசி தன் பழைய நிலையிலேயே நின்றது. காந்தம் சுருளை அணுகிய கணத்தில் ஊசி திரும்பியிருக்கும். அவர் அறையை அடையுமுன்னரே மீண்டுமிருக்கும். அருகே உதவியாளர் ஒருவர் நின்று ஊசியை நோக்கியிருந்தால், பெருங் கண்டுபிடிப்பொன்று செனீவாவிற்கு உரியதாகியிருக்கும். கவனமாகச் செய்யப்பட்ட சோதனையே, அக்கவனங் காரணமாகத் தவறிப்போயிற்று.

1831ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 29ஆம் நாள் பரடே மீண்டும் இம்முயற்சியில் இறங்கினார். மெல்லிரும்பினாலான வளையமொன்றை அவர் செய்வித்திருந்தார். அதன் வெளிவிட்டம் 6 அங்குலம். இரும்பின் தடிப்பு ஏறத்தாழ 7/8 அங்குலம். வளையத்தின் ஒரு பாதியில் செப்புக் கம்பியைப் பல சுற்றுக்களாகச் சுற்றினார். மற்றப் பாதியில் வேறொரு கம்பியைச் சுற்றினார். காவலிட்ட கம்பி கடைகளில் விற்கப்படாத காலம் அது. ஆகையாற் சுற்றுக்களுக்கிடையே நூலையும் அடுக்குக்களுக்கிடையே துணியையும் இட்டு, கம்பிகள் ஒன்றையொன்று தொடாதவாறு காத்தார். இரண்டாவது சுருளின் முனைகளை இணைத்த கம்பி, 3 அடி தூரத்தே வைக்கப்பட்ட காந்த ஊசியின் மேலாகச் சென்றது. முதற் சுருளை மின்கலவடுக்கோடு இணைத்தவுடனே ஊசி அசைந்தது. சிறிது ஆடிப் பின் தன் பழைய நிலையிலே அமைந்துவிட்டது. மின்கலவடுக்கை நீக்கிய கணத்தில் ஊசி மறுபடியும் அசைந்தது. இம்முறை எதிர்த்திசையில் அசைந்தது. முதற் சுருளில் ஓட்டம் நிலையாகப் பாய்ந்தபொழுது ஊசியில் யாதோர் அசைவும் இருக்கவில்லை.

அவ்வாண்டு ஒற்றோபர் மாதம் 17ஆம் நாள் பரடே மின்கலவடுக்கையே விலக்கிவிட்டார். கடதாசியாலான உள்ளீடற்ற உருளையொன்றின்மீது எட்டுச் சுருள்கள் சுற்றப்பட்டிருந்தன. அவற்றின் முனைகளை ஒன்றுசேர்த்துக் கல்வனோமானியோடு இணைத்தார். முக்கால் அங்குல விட்டமும் 8½ அங்குல நீளமுமுடைய சட்டக் காந்தமொன்றை உருளையினுள் விரைவாகச் செலுத்தினார். ஊசி ஒரு பக்கம் திரும்பியது. காந்தம் உள்ளே அசையாதிருந்தபொழுது ஊசி பழைய நிலைக்கு வந்தது. காந்தத்தை வெளியே இழுத்தபொழுது ஊசி மறுபக்கம் திரும்பியது. காந்தம் இருத்தல் போதாது. சுருளைக் குறித்துக் காந்தநிலை மாறுதல் வேண்டும் என்னும் உண்மை இச்சோதனையால் ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டது. கொலடன் நடந்துசென்ற சில செக்கன்களிலே மறைந்துபோனது இவ்வுண்மையே.

இதனை இக்காலத்து மொழியிற் கூறுமிடத்து, சுருளொன்றினூடாகச் செல்லும் காந்தப்புலத்தின் மொத்த அளவு காந்தப்பாயம் எனப்படும். சீரான புலத்துக்குச் செங்குத்தாகச் சுருள் நிற்குமாயின், புலத்தின் அடர்த்தியைச் சுருளின் பரப்பினாற் பெருக்கப் பாயம் பெறப்படும். பாயம் மாறும்பொழுது மட்டுமே சுருளில் மின்னியக்கவிசை தூண்டப்படும். அம்மின்னியக்கவிசையின் பருமன், பாயம் மாறும் வீதத்தையும் சுற்றுக்களின் எண்ணிக்கையையும் பெருக்கிய அளவாகும். எத்துணைப் பெரிய பாயமாயினும் அது மாறாது நிற்பின் மின்னியக்கவிசை பூச்சியமே. சிறிய பாயமாயினும் அது மிக விரைவில் மாறின் மின்னியக்கவிசை பெரிதாகும். மாணவர் பலர் பாயத்தையும் பாயம் மாறும் வீதத்தையும் ஒன்றாகக் கருதி இடர்ப்படுவர். பதினோராண்டுகளாக ஐரோப்பிய அறிஞர் இடர்ப்பட்டதும் இவ்விடத்திலேயே.

கணநேரத்து அசைவைத் தொடர்ந்த ஓட்டமாக ஆக்குவது எங்ஙனம் என்பதே அடுத்த வினா. இதற்கு வழிகாட்டியது பிரான்சிய அறிஞர் அராகோ 1824ஆம் ஆண்டளவில் வெளியிட்ட ஒரு புதிராகும். செப்புத் தட்டொன்றைச் சுழற்றினால், அதற்கு மேலே தொங்கும் காந்த ஊசியும் தட்டைப் பின்பற்றிச் சுழலும் என்று அவர் காட்டியிருந்தார். செப்பு காந்தத்தாற் கவரப்படாத உலோகம். ஆயின் ஊசியை இழுப்பது யாது? சுழலும் தட்டிலே ஓட்டங்கள் தூண்டப்படுகின்றன என்பதைப் பரடே ஊகித்தார். அவ்வோட்டத்தை வெளியே எடுத்துவிட முடியும் என்றும் எண்ணினார்.

ஒற்றோபர் 28ஆம் நாள் அவர் அதனைச் செய்துகாட்டினார். இலண்டன் அரச கழகத்துக்குரிய பெருங்காந்தம் அப்பொழுது ஊல்விச்சில் வைக்கப்பட்டிருந்தது. அது ஏறத்தாழ 450 சட்டக் காந்தங்களை ஒன்றாக அடுக்கி அமைக்கப்பட்டது. அதன் முனைவுகளுக்கிடையே, 12 அங்குல விட்டமுடைய செப்புத் தட்டொன்றின் விளிம்பு சுழலுமாறு பரடே அமைத்தார். கல்வனோமானியிலிருந்து வந்த ஒரு கம்பி தட்டின் அச்சைத் தொட்டது. மற்றைய கம்பி விளிம்பைத் தேய்த்து நின்றது. தட்டு சுழன்ற காலமெல்லாம் ஊசி ஒரு பக்கமாகத் திரும்பியே நின்றது. சுழற்சியின் திசையை மாற்றியதும் ஊசியும் எதிர்ப்பக்கம் திரும்பியது. மின்கலத்தின் துணையின்றி, கையின் உழைப்பினால் மாத்திரம் தொடர்ந்த மின்னோட்டம் பெறப்பட்டது. உலகின் முதலாவது மின்பிறப்பாக்கி இத்தட்டே. இவ்வாய்வுகளைப் பற்றிய கட்டுரை அவ்வாண்டு நவம்பர் மாதம் 24ஆம் நாள் அரச கழகத்தில் வாசிக்கப்பட்டது. அமெரிக்காவில் யோசெப்பு என்றி என்பவரும் தனியே இத்தூண்டலைக் கண்டிருந்தார். ஆயினும் அவர் தம் கட்டுரையை வெளியிட்டது 1832ஆம் ஆண்டிலேயே.

பரடேயின் தட்டு உண்மையை நிறுவியதேயன்றிப் பயன்படு பொறியாகவில்லை. அதன் காரணத்தைச் சிறு கணக்கொன்றினால் அறியலாம். தட்டின் ஆரை 15 சதமமீற்றர் என்க. அதன் ஆரை முழுவதும் 0.1 தெசுலா அளவான சீரான புலத்தில் இருப்பதாகவும், தட்டு செக்கனுக்கு இருமுறை சுழல்வதாகவும் கொள்க. அச்சுக்கும் விளிம்புக்கும் இடையே தோன்றும் மின்னியக்கவிசை, புலம், கோண வேகம், ஆரையின் வர்க்கம் ஆகியவற்றின் பெருக்கத்திற் பாதியாகும். செக்கனுக்கு இரு சுற்று என்பது 12.57 ஆரையன் கோண வேகமாதலால்,

E = ½ × 0.1 × 12.57 × 0.15² = 0.014 V

எனக் கிடைக்கும். வோல்ற்றின் நூறிலொரு பங்கைச் சற்றே கடந்த இவ்வளவு கல்வனோமானிக்குப் போதும், வேறெதற்கும் போதாது. 1.4 வோல்ற்றுப் பெற விரும்பினால் தட்டைச் செக்கனுக்கு 200 முறை சுழற்றவேண்டும். உண்மையிலே நிலைமை இதனினும் மோசமாகும். காந்தப்புலம் தட்டின் ஒரு பகுதியிலேயே செறிந்திருக்க, ஏனைய பகுதி புலமின்றிக் கிடக்கும். புலமுள்ள பகுதியில் தூண்டப்பட்ட ஓட்டத்தின் பெரும்பங்கு, வெளிச்சுற்றுக்கு வராது, புலமில்லாத செப்பின் வழியாகச் சுற்றி மீண்டுவிடும். இவ்வாறு உலோகத்தினுள்ளேயே சுழன்று வெப்பமாய் அழியும் ஓட்டம் சுழிப்போட்டம் எனப்படும். அராகோவின் ஊசியை இழுத்தது இச்சுழிப்போட்டமே.

தட்டின் குறை யாதெனின், அஃது ஒரேயொரு கடத்தியாய் அமைந்தமையாகும். கம்பியைச் சுருளாகச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் தோன்றும் மின்னியக்கவிசை ஒன்றோடொன்று கூடும். 1832ஆம் ஆண்டிற் பாரிசு நகரத்துக் கருவி செய்வோரான இப்போலித்து பிக்சி இம்முறையைக் கைக்கொண்டார். இரும்பு அகணியில் சுற்றப்பட்ட இரு சுருள்களை அசையாது நிறுத்தி, அவற்றின் கீழே இலாடவடிவக் காந்தமொன்றைக் கைப்பிடியினாற் சுழற்றினார். காந்தத்தின் வடமுனைவும் தென்முனைவும் மாறி மாறிச் சுருளைக் கடந்தன. காந்தம் சுழல்வதாயினும் சுருள் சுழல்வதாயினும் தத்துவம் ஒன்றே. சுருளைக் குறித்துப் பாயம் மாறுவதே வேண்டுவது.

சுருள் சுழலும் பொறியொன்றைக் கணக்கிட்டுக் காண்பது தெளிவு தரும். 20 சதமமீற்றர் நீளமும் 10 சதமமீற்றர் அகலமும் கொண்ட செவ்வகச் சுருளொன்று 50 சுற்றுக்களை உடையது என்க. அது 0.1 தெசுலாப் புலத்தில், நீளப் பக்கங்களுக்குச் சமாந்தரமான நடு அச்சைப் பற்றிச் செக்கனுக்குப் பத்துமுறை சுழல்கிறது. சுருளின் தளம் புலத்துக்குச் செங்குத்தாய் நிற்கும்பொழுது அதனூடு செல்லும் பாயம் உச்சமாகும், அஃது 0.1 × 0.02 = 0.002 வெபர். அந்நிலையிலிருந்து கால் சுற்றுத் திரும்பியதும் தளம் புலத்துக்குச் சமாந்தரமாகும், பாயம் பூச்சியமாகும். ஒரு சுற்றுக்கு 0.1 செக்கன் செல்வதால் கால் சுற்றுக்கு 0.025 செக்கன் செல்லும். ஆகவே இக்காலத்துச் சராசரி மின்னியக்கவிசை,

E = 50 × 0.002 ÷ 0.025 = 4 V

ஆகும். இது சராசரியே, மின்னியக்கவிசை இக்கால் சுற்றில் பூச்சியத்திலிருந்து உச்சத்துக்கு ஏறுகிறது. உச்சம் எப்பொழுது நிகழும்? பாயம் உச்சமாயிருக்கும்பொழுது என விடையளிப்போர் தவறுவர். அந்நிலையிலே சுருளின் நீளப் பக்கங்கள் புலத்தின் திசைவழியே வழுக்கிச் செல்கின்றனவேயன்றி அதனைக் குறுக்காக வெட்டுவதில்லை. பாயமும் ஏறுவதை விட்டு இறங்கத் தொடங்கும் கணமாதலால் அதன் மாறும் வீதம் பூச்சியமாகும். பாயம் பூச்சியமாய் நிற்கும் நிலையிலேயே பக்கங்கள் புலத்தை நேர்க்குறுக்காக வெட்டுகின்றன. மின்னியக்கவிசை அங்கே உச்சமடைகிறது.

அவ்வுச்சத்தின் அளவையும் பக்கங்களின் வேகத்திலிருந்து காணலாம். ஒவ்வொரு பக்கமும் அச்சிலிருந்து 5 சதமமீற்றர் தூரத்திலே உள்ளது. செக்கனுக்குப் பத்துச் சுற்று எனின் கோண வேகம் 62.83 ஆரையன், பக்கத்தின் வேகம் செக்கனுக்கு 3.14 மீற்றர். புலம், நீளம், வேகம் ஆகிய மூன்றையும் பெருக்க ஒரு பக்கத்தில் 0.0628 வோல்ற்றும், இரு பக்கங்களிலுமாக 0.1257 வோல்ற்றும் பெறப்படும். 50 சுற்றுக்கும் சேர்த்து 6.28 வோல்ற்று ஆகும். முன்னர்க் கண்ட 4 வோல்ற்றுச் சராசரியை π/2 இனாற் பெருக்கினும் இதே 6.28 கிடைத்தல் காண்க. கையினாற் சுழற்றத்தக்க வேகத்திலேயே, தட்டினாற் பெற்றதைப்போல் நானூறு மடங்குக்கு மேற்பட்ட மின்னியக்கவிசை கிடைத்துவிட்டது.

ஆயின் இச்சுருள் அரைச் சுற்றுத் திரும்பியதும் அதன் மேற்பக்கம் கீழாகவும் கீழ்ப்பக்கம் மேலாகவும் மாறுகிறது. அதனால் மின்னியக்கவிசையின் திசையும் மாறுகிறது. பிக்சியின் பொறியில் ஓட்டம் முன்னும் பின்னுமாகப் பாய்ந்தது. இவ்வாறு பாயும் ஓட்டத்தை ஆடலோட்டம் என்பர். இன்று உலகெங்கும் பயன்படும் அவ்வோட்டம் அந்நாளிலே பொறியின் குற்றமாகவே கருதப்பட்டது. மின்கலங்கள் தரும் நேரோட்டமே அறிஞருக்குப் பழக்கமானது. உலோக முலாமிடுதற்கும் நீரைப் பகுத்தற்கும் அதுவே வேண்டும். அம்பியர் என்னும் பேரறிஞரின் யோசனையைப் பெற்று, பிக்சி தம் பொறியில் திசைமாற்றி என்னும் உறுப்பைச் சேர்த்தார்.

பிற்காலப் பொறிகளில் அது கொண்ட வடிவம் எளியது. சுருளோடு சுழலும் செப்பு வளையமொன்று இரு பாதிகளாகப் பிளக்கப்பட்டு, இடையே காவலி இடப்பட்டிருக்கும். சுருளின் ஒவ்வொரு முனையும் ஒவ்வொரு பாதியோடு இணைக்கப்படும். அசையாத தூரிகைகள் இரண்டு எதிரெதிரே அவ்வளையத்தைத் தொட்டு நிற்கும். சுருளில் ஓட்டத்தின் திசை மாறும் அதே கணத்தில் ஒவ்வொரு தூரிகையும் ஒரு பாதியை விட்டு மற்றைய பாதியைத் தொடுகிறது. இரு மாற்றங்களும் ஒருங்கே நிகழ்வதால், வெளிச்சுற்றில் ஓட்டம் ஒரே திசையிற் பாய்கிறது. வளையத்தைப் பிளக்காது, இரு முழு வளையங்களை வைத்து ஒவ்வொன்றையும் ஒவ்வொரு முனையோடு இணைத்தால் ஆடலோட்டமே வெளியே வரும். இருவகைப் பொறிகளுக்கும் உள்ளே வேறுபாடில்லை. வேறுபாடு வாயிலில் மாத்திரமே உள்ளது.

தூரிகைகள் நிற்கும் இடம் இங்கே முதன்மை பெறுகிறது. மின்னியக்கவிசை பூச்சியமாகும் கணத்திலேயே அவை பாதி மாறவேண்டும். அவ்விடத்தினின்றும் விலகி நின்றால், மின்னியக்கவிசையுள்ள சுருளின் இரு முனைகளையும் தூரிகை ஒரு கணம் குறுக்கே இணைத்துவிடும். அப்பொழுது தூரிகையின் அடியிற் பொறி பறக்கும். செப்பின் மேற்பரப்பு கருகிக் குழிவிழும். சரியான இடத்தில் நின்ற தூரிகையும், வெளிச்சுற்றில் ஓட்டம் மிகும்பொழுது பொறி பறக்கச் செய்வதுண்டு. சுருளில் ஓடும் ஓட்டம் தன் காந்தப்புலத்தால் முதற்புலத்தைச் சரியச்செய்து, மின்னியக்கவிசை பூச்சியமாகும் இடத்தைச் சுழற்சியின் திசையில் நகர்த்திவிடுவதே அதற்குக் காரணம். பழைய நாட் பொறியாளர் சுமை ஏறும்போதும் இறங்கும்போதும் பொறி பறத்தலைப் பார்த்தே தூரிகைகளைக் கையினால் நகர்த்தி அமைத்தனர்.

இக்கட்டத்தில் மற்றொரு வினா எழுதல் இயல்பு. சுருளைச் சுழற்றியதும் மின்னாற்றல் பிறக்குமாயின், அது வெறும் வெளியிலிருந்து வந்ததோ? இதற்கு விடை தந்தவர் உருசிய நாட்டில் வாழ்ந்த இலென்சு என்னும் அறிஞர். தூண்டப்பட்ட ஓட்டம், தன்னைத் தூண்டிய மாற்றத்தை எதிர்க்கும் திசையிலேயே பாயும் என்று அவர் 1834ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையிற் கூறினார். மேற்கண்ட சுருளையே எடுத்துக்கொள்க. வெளிச்சுற்று திறந்திருக்குமாயின் ஓட்டமில்லை. கைப்பிடி உராய்வைத் தவிர வேறு தடையின்றி இலகுவாகச் சுழலும். சுருளும் வெளிச்சுற்றும் சேர்ந்து 10 ஓம் தடையாக அமையுமாறு சுற்றை மூடுக. உச்ச நிலையில் 0.628 அம்பியர் ஓட்டம் பாயும். ஓட்டம் பாயும் கடத்தி காந்தப்புலத்தில் விசையை உணருமாதலால், 50 சுற்றுக்களின் ஒரு பக்கத்தில் 50 × 0.1 × 0.628 × 0.2 = 0.628 நியூற்றன் விசை சுழற்சிக்கு எதிராகத் தாக்கும். மற்றப் பக்கத்திலும் அதே அளவு விசை தாக்கும். அச்சிலிருந்து தூரம் 0.05 மீற்றராதலால் இரண்டும் சேர்ந்து 0.0628 நியூற்றன் மீற்றர் திருப்பத்தைத் தருகின்றன. இதனை எதிர்த்துச் சுழற்றும் கை செலவிடும் வலு 0.0628 × 62.83 = 3.95 உவாற்று. சுற்றிலே தோன்றும் மின்வலு 6.28 × 0.628 = 3.95 உவாற்று. கை கொடுத்தது எவ்வளவோ, சுற்றுப் பெற்றதும் அவ்வளவே.

இலென்சு கூறிய எதிர்ப்பு இல்லாதிருந்தால், ஒருமுறை தள்ளிவிடப்பட்ட சுருள் தானே விரைந்து விரைந்து சுழன்று முடிவில்லா ஆற்றலைத் தந்துகொண்டிருக்கும். அத்தகைய பொறி இயற்கையில் இல்லை. ஈருருளி விளக்கின் தைனமோவைச் சில்லோடு பொருத்தியவுடன் மிதித்தல் கடினமாவதை மாணவர் அறிவர். ஆயினும் அக்கடினத்திற் பெரும்பங்கு தைனமோவின் உராய்வினால் வருவது. எதிர்ப்பைத் தூய நிலையிற் காண விரும்புவோர், கைப்பிடித் தைனமோவொன்றைச் சுழற்றிக்கொண்டே, அதனோடு இணைந்த மின்குமிழின் ஆளியை மூடியும் திறந்தும் பார்ப்பாராக. குமிழ் ஒளிரும்பொழுது கை கனக்கும், அணையும்பொழுது இலேசாகும்.

பிக்சியின் பின்னர் முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பொறிகள் வளர்ந்தன. ஆயினும் அவையாவும் உருக்கினாலான நிலையான காந்தங்களையே நம்பியிருந்தன. 1858ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தென் போலாந்து வெளிச்சவீட்டில் அத்தகைய பொறியினால் வில்விளக்கு ஏற்றப்பட்டது. வலுவை மிகுவிக்க வேண்டின் காந்தங்களின் தொகையை மிகுவிக்கவேண்டும். பொறி பாரத்தால் மிகும். அக்காந்தங்களும் அதிர்வினாலும் வெப்பத்தினாலும் காலப்போக்கில் வலிமை குன்றின. மெல்லிரும்பைச் சுற்றிய சுருளில் ஓட்டத்தைச் செலுத்தினால் மிக வலிய காந்தம் பெறலாம் என்பதை யாவரும் அறிந்திருந்தனர். ஆனால் அவ்வோட்டத்தைத் தருவது யார்? மின்கலவடுக்கே தரவேண்டுமாயின் பொறியினாற் பயன் குறையும்.

1866ஆம் ஆண்டின் இறுதியிலும் 1867ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் இதற்கு விடை வந்தது. இங்கிலாந்தில் வாலி, உவீற்சன் என்போரும், சேர்மனியில் வேணர் சீமன்சும் தனித்தனியே ஒரே முடிபை அடைந்தனர். பொறி பிறப்பிக்கும் ஓட்டத்தையே அதன் காந்தச் சுருள்களினூடாகச் செலுத்தலாம் என்பதே அது. தொடக்கத்தில் ஓட்டமில்லை, ஓட்டமில்லையேற் காந்தமில்லை, காந்தமில்லையேல் ஓட்டம் எங்ஙனம் பிறக்கும் என்னும் ஐயம் தோன்றலாம். முன்னொருகாற் காந்தமாக்கப்பட்ட இரும்பு தன் காந்தத்தன்மையை முற்றாக இழப்பதில்லை, சிறிது எஞ்சியிருக்கும். அவ்வெச்சக் காந்தத்தினால் மிகச் சிறிய ஓட்டம் பிறக்கும். அது புலச்சுருளிற் பாய்ந்து காந்தத்தைச் சற்றே வலிதாக்கும். வலிதான காந்தம் ஓட்டத்தை மிகுவிக்கும். இங்ஙனம் ஒன்றையொன்று வளர்க்க, சிறிது நேரத்திற் பொறி முழு வலுவை அடையும். வளர்ச்சி எல்லையின்றிச் செல்லாமைக்குக் காரணம், இரும்பு ஓரளவுக்கு மேற் காந்தமாக மாட்டாது நிரம்பிவிடுதலாகும். இப்பொறிகளுக்கே தைனமோ என்னும் பெயர் வழங்கலாயிற்று.

இவ்வகைப் பொறி சிலவேளை சுழன்றும் வோல்ற்றளவு எழாது நிற்கும். அதன் காரணங்களை மேற்கூறிய விளக்கத்திலிருந்தே உய்த்துணரலாம். வோல்ற்றுமானி முற்றாகப் பூச்சியத்தைக் காட்டுமாயின், எச்சக் காந்தம் அழிந்திருக்கவேண்டும் அல்லது சுருள் எங்கோ அறுந்திருக்கவேண்டும். சுருள் பழுதின்றியிருப்பின், மின்கலவடுக்கொன்றைப் புலச்சுருளோடு சில செக்கன் இணைத்து எடுத்தால் எச்சக் காந்தம் மீளும். வோல்ற்றுமானி சிறு அளவைக் காட்டி, புலச்சுருளை இணைத்ததும் அச்சிறு அளவும் குறையுமாயின், ஓட்டம் எச்சக் காந்தத்தை வளர்க்காது அழிக்கும் திசையிற் பாய்கிறது என்பது துணிபு. புலச்சுருளின் இரு முனைகளையும் மாற்றி இணைத்தல் அதற்குப் பரிகாரம். அளவு குறையாதும் வளராதும் நிற்குமாயின், சுழற்சி வேகம் போதாமலோ, தூரிகையில் அழுக்கேறிப் புலச் சுற்றின் தடை மிகுந்தோ இருத்தல் வேண்டும்.

இரும்பு அகணியைப் பற்றிய சீர்திருத்தமும் இக்காலத்திற் பரவிற்று. சுருள் சுற்றப்பட்ட இரும்பும் காந்தப்புலத்திற் சுழல்வதால் அதனுள்ளும் மின்னியக்கவிசை தூண்டப்படும். அகணி ஒரே திரளாயிருப்பின் பரடேயின் தட்டிற் கண்ட சுழிப்போட்டங்கள் அதிலும் எழுந்து, அதனைத் தொடமுடியாதவாறு சூடாக்கும். மெல்லிய இரும்புத் தகடுகளைக் காவற்பூச்சுப் பூசி, அச்சுக்குச் செங்குத்தாக அடுக்கி அகணி செய்தால், அவ்வோட்டங்களின் வழி துண்டிக்கப்படும். பாயத்தின் வழியோ தடைப்படாது. 1871ஆம் ஆண்டிலே கிராம் என்பவர் வளைய வடிவான அகணியிற் பல சுருள்களை அடுத்தடுத்து அமைத்து, திசைமாற்றியையும் பல துண்டங்களாக்கினார். ஒரு சுருளின் மின்னியக்கவிசை தாழும்பொழுது அடுத்ததன் மின்னியக்கவிசை உயர்ந்து நின்றமையால், துடிப்பு நீங்கி ஓட்டம் ஏறத்தாழச் சீராயிற்று. இத்தகைய வளையத்தை இத்தாலியரான பசினோற்றி 1860ஆம் ஆண்டளவிலேயே அமைத்திருந்தார் எனினும், தொழிற்றுறைக்கு அதனைக் கொணர்ந்தவர் கிராமே.

குற்றமெனக் கருதி விலக்கப்பட்ட ஆடலோட்டம் அந்நூற்றாண்டின் இறுதியில் மதிப்புப் பெற்றது. அதன் வோல்ற்றளவை நிலைமாற்றியினால் உயர்த்தவும் தாழ்த்தவும் முடியும்; நெடுந்தூரம் மின் அனுப்புவதற்கு அஃது இன்றியமையாதது. அந்நிலைமாற்றியோ, 1831ஆம் ஆண்டின் ஓகத்து மாதத்திற் பரடே சுற்றிய இரும்பு வளையமன்றி வேறன்று. பெரிய மின்பிறப்பாக்கிகளில் பிக்சியின் முறைப்படி காந்தமே சுழல்கிறது. மிகுந்த ஓட்டத்தைத் தரும் சுருள்கள் அசையாது நிற்பதால், அதனைத் தூரிகைகளின் வழியே எடுக்கவேண்டிய இடர்ப்பாடு இல்லை. இலங்கையில் வழங்கும் ஆடலோட்டம் செக்கனுக்கு 50 மீடிறன் உடையது. ஒரு சோடி முனைவுகளையுடைய காந்தமாயின் அது நிமிடத்துக்கு 3000 முறை சுழலவேண்டும். மெதுவாகச் சுழலும் நீர்ச்சில்லுக்கு அவ்வேகம் இயலாதாகையால் முனைவுகளைப் பெருக்குவர். பத்துச் சோடி முனைவுகளாயின் நிமிடத்துக்கு 300 சுற்றுப் போதும்.

ஏர்ஸ்ரெட்டின் ஊசி தொடங்கிக் கிராமின் வளையம் ஈறாக நிகழ்ந்த இவ்வரலாற்றில் ஒவ்வொரு படியும் முந்திய படியின் குறையை நீக்க எழுந்தது. தட்டின் சிறுமையைச் சுருள் நீக்கியது. சுருளின் திசைமாற்றத்தைப் பிளந்த வளையம் நேராக்கியது. காந்தத்தின் மெலிவை எச்சக் காந்தம் தாங்கிய புலச்சுருள் ஈடுசெய்தது. இவை யாவற்றுக்கும் அடியில் நிற்பது ஒன்றே: நிலைத்து நிற்கும் காந்தம் மின்னோட்டத்தைத் தாராது; மாறும் காந்தப்பாயமே தரும்; அம்மாற்றத்தை உண்டாக்குவோர் அதன் விலையை உழைப்பாகச் செலுத்துவர். செனீவாவில் மூடிய அறையிற் கொலடனின் ஊசி ஒருகணம் அசைந்து அமைந்தபோது, அதனைக் காண அங்கே எவரும் இருக்கவில்லை. ஆறாண்டுகளின் பின் ஊசியின் முன்னிருந்த பரடே, சுற்றை மூடிய கணத்தையும் திறந்த கணத்தையும் நோக்கினார். இரண்டுக்கும் இடையே ஊசி அசையாதிருந்ததையும் அவர் குறித்துவைத்தார்.